சத்தமில்லாமல் உதவி கேட்பது

எமரால்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல வீடுகள், நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நள்ளிரவில் ஒருவர் கதவை உடைத்துக்கொண்டு வருகிறார் என்றோ, குடித்துவிட்டு வந்த கணவர் கத்தியோடு நிற்க மனைவி சமையலறையில் ஒளிந்திருக்கிறார் என்றோ வைத்துக்கொள்வோம். உதவிக்கு 112 இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பேச வேண்டும், பேசினால் குரல் வெளியே கேட்கும். செவித்திறனோ பேச்சுத்திறனோ இல்லாதவருக்கு இந்தத் தடை எல்லா நேரமும் உண்டு. இவர்கள் பேசாமல் எப்படி உதவி கேட்பது, எழுதிக் கேட்பது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

112 என்ற ஒற்றை அவசர எண் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு வந்தது. குரல் அழைப்போடு குறுஞ்செய்தி, மின்னஞ்சல், இணையப் பக்கம், கைபேசிச் செயலி, ஆபத்துப் பொத்தான் என்று பல வழிகளில் தகவலை வாங்கும்படிதான் அந்த அமைப்பு திட்டமிடப்பட்டது. காகிதத்தில் வழி இருக்கிறது. ஆனால் திட்டத்தில் எழுதப்பட்ட வழி, எமரால்டுப் பள்ளத்தில் ஒரு புள்ளிச் சிக்னலோடு இருக்கும் கைபேசிக்கும் வழியாக இருக்கிறதா என்பதே கேள்வி. என் கருத்து இதுதான்: எழுதிக் கேட்கும் வழியின் மதிப்பு, செய்தி போகும் என்பதில் மட்டும் இல்லை. போகாவிட்டால் அது போகவில்லை என்று நமக்குச் சொல்லுமா என்பதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். குரல் அழைப்பில் மறுமுனையில் ஒருவர் எடுத்தாரா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். குறுஞ்செய்தி அப்படியில்லை. அது கைபேசியிலிருந்து நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கே காத்திருந்து, பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போகிறது. 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தால், கைபேசியை விட்டுச் சென்றது என்றுதான் அர்த்தம். ஒரு மனிதர் படித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. பதில் வருவதற்குள் எத்தனை நிமிடம் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. உங்கள் சிம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால், அவசர அழைப்பு அதன் வழியாகப் போய்விடும். 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று திரையில் வருவது அதைத்தான் சொல்கிறது. குறுஞ்செய்திக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு உங்கள் சொந்த நிறுவனத்தின் சிக்னல் வேண்டும். ஆனால் அந்தச் சிக்னல் இருக்கும் இடத்தில், பேச்சு அடிக்கடி அறுந்துபோகிற மெல்லிய சிக்னலிலும் செய்தி நழுவிப் போய்விடுவது உண்டு. ஒரு இடத்தில் குரலும், இன்னொரு இடத்தில் எழுத்தும் வெல்லும். மலையில் இது பத்தடிக்கு ஒருமுறை மாறும்.

வெளிநாட்டு அனுபவம் இங்கே உதவும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிளாக் ஹாக் கவுண்டி என்ற பகுதியில், 2009-ல் அந்நாட்டு அவசர எண்ணான 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு ஊரின் கட்டுப்பாட்டு மையமும் தயாரானால்தான் செய்தியை வாங்க முடியும் என்பதால், இன்றும் அமெரிக்காவின் எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி இல்லை. இந்தக் குறையை அவர்கள் மறைக்கவில்லை. வசதி இல்லாத இடத்திலிருந்து அனுப்பினால், 'இங்கே இது கிடைக்காது, அழையுங்கள்' என்று கைபேசி நிறுவனமே தானாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என 2013 செப்டம்பரிலிருந்து சட்டம் போட்டார்கள். எனக்கு இதுதான் அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதியாகத் தெரிகிறது. பிரிட்டனில் அவசர எண்ணான 999-க்கு எழுதலாம், ஆனால் முன்பே பதிவுசெய்ய வேண்டும். 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதி அதே எண்ணுக்கு அனுப்பினால் பதிவு தொடங்கும். இதற்கு ஒழுங்கு உண்டு. ஆனால் கதவு உடைபடும் நேரத்தில்தான் இந்த வசதி பற்றி ஒருவர் நினைக்கிறார் என்றால், பதிவு அவருக்குத் தடையாகும். நம் ஊருக்குப் பதிவை விடத் தானாக வரும் பதிலே பொருத்தம் என்பேன்.

பொய்ச் செய்திகள் குவிந்துவிடும் என்று ஒரு மறுப்பு வரும். பொய் அழைப்புகள் இப்போதும் வருகின்றன. எழுத்தில் எண்ணும் நேரமும் பதிந்துவிடுவதால் பொய்யைத் தொடர்வது இன்னும் எளிது. எழுத்தில் குரலின் நடுக்கம் தெரியாது, பின்னால் கேட்கும் சத்தம் தெரியாது, மறுகேள்வி கேட்க நேரம் எடுக்கும் என்பது வலுவான மறுப்பு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அமெரிக்காவில், முடிந்தால் அழையுங்கள், முடியாவிட்டால் எழுதுங்கள் என்கிறார்கள். எழுத்து குரலுக்கு மாற்று இல்லை, குரல் அடைபட்டவருக்கான வழி.

அப்படி எழுதும்போது என்ன எழுதுவது? தமிழ் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான் இடம். 'கி' என்பதில் க ஒன்று, இகரக் குறி ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படும், மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, மெல்லிய சிக்னலில் ஒரு துண்டு முன்னும் ஒரு துண்டு பின்னும் போகலாம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் 160 வரை ஒரே துண்டாகப் போகும். இடத்தை முதலில் எழுதுங்கள். ஏனென்றால் 112-ஐ வாங்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது, அங்கிருந்துதான் நம் மாவட்டத்துக்குத் தகவல் வரும். எமரால்டு என்று மட்டும் எழுதினால் போதாது. ஊட்டியிலேயே அந்தப் பெயரில் தொடங்கும் ஒரு கல்லூரி உண்டு. 'நீலகிரி, எமரால்டு, இன்ன தோட்டம், நாலாவது லைன், கடைசி வீடு. கத்தியோடு ஆள். பேச முடியாது, திருப்பிக் கூப்பிட வேண்டாம்' என்பதுபோல இருக்கட்டும், ஒரே துண்டாகப் போக அதை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். திருப்பிக் கூப்பிட வேண்டாம் என்ற கடைசி வாக்கியம் மிக முக்கியம். கட்டுப்பாட்டு அறை நல்லெண்ணத்தோடு திருப்பி அழைத்து, அந்த மணியே ஒளிந்திருப்பவரைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் கைபேசியை ஒலியற்ற நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும்.

எழுத நேரமில்லை என்றால் பொத்தான் உண்டு. ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை வேகமாக அழுத்தினால், பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினால் 112-க்குப் போகும்படி விதி இருக்கிறது. சில கைபேசிகளில் அமைப்பைத் திறந்து இதை இயக்கிவைக்க வேண்டும். சில கைபேசிகள் அழைக்குமுன் எச்சரிக்கை ஒலி எழுப்பும், அதையும் அமைப்பில் நிறுத்திவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 112 என்று எழுதிக் காத்திருந்தால், அது எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கும் போகாது. டவரே விழுந்துவிட்டால் குரலும் போகாது, எழுத்தும் போகாது. 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். அத்தகைய நாளில் கைபேசி எதற்கும் உத்தரவாதமில்லை, அக்கம்பக்கத்தார்தான் கைகொடுக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடமும் காவல்துறையிடமும் ஒரு வேண்டுகோள். எமரால்டு, அவலாஞ்சி, குந்தா, மஞ்சூர், எங்கெல்லாம் 112-க்கு எழுதிய செய்தி உண்மையில் வந்து சேர்கிறது என்பதை நீங்களே சோதித்து ஊர் ஊராக அறிவியுங்கள். சேராத இடத்திலிருந்து எழுதுபவருக்கு, 'சேரவில்லை, அழையுங்கள்' என்று ஒரு வரி தமிழில் திரும்பி வரச் செய்யுங்கள். நேயர்களே, விளையாட்டாக 112-க்குச் செய்தி அனுப்பிப் பார்க்காதீர்கள். பகலில் எமரால்டு காவல் நிலையத்துக்குப் போகும்போது, எங்கள் தோட்டத்திலிருந்து எழுதினால் சேருமா என்று நேரில் கேளுங்கள்.