பறிபடாத பதினாறு தூண்கள்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று இந்த அவைமுன் வைக்கப்படுவது ஒரு மளிகைக் கடைக்காரரின் கதை. அவர் புலவர் பட்டம் பெற்றவரல்லர். கல்வெட்டுத் துறையில் பணியாற்றியவருமல்லர். ஆயினும் ஒரு பாட்டின் வேரைத் தேடிச் சென்றதில் புலவர் பலர் காட்டாத நேர்மையை அவர் காட்டினார்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் திருவெள்ளறை என்னும் பழம்பதி உள்ளது. வெண்பாறைமேல் எழுந்த திருமால் கோயில் அவ்வூரின் அடையாளம். கடைக்காரர் மாலையில் கடையைத் தம் மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வருவது வழக்கம். ஒருநாள் சாயுங்கால வெயில் கற்சுவரில் பக்கவாட்டில் விழுந்தது. நண்பகலில் வெறுங்கல்லாய்த் தோன்றிய இடத்தில் எழுத்துகள் நிழல் கட்டி எழுந்து நின்றன. நேர்வெயிலில் மறைந்து, சாய்வொளியில் தோன்றுவது கல்லெழுத்தின் இயல்பு. அந்த வரிகளில் இரண்டு சொற்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று 'மாறன்', மற்றொன்று 'கண்ணன்'.

அவர் மகிழ்ச்சி கரை கடந்தது. திருமால் கோயிலில் மாறன் என்றால் நம்மாழ்வார். கண்ணன் என்றால் ஆயர்பாடிக் கண்ணன். ஆழ்வார் கண்ணனைப் பாடிய பாட்டொன்று யாரும் அறியாமல் கல்லில் கிடக்கிறது என்று முடிவு கட்டினார். அரிசி வாங்க வந்தவரிடமும் உப்பு வாங்க வந்தவரிடமும் அதையே கூறினார். ஒரு கிழமைக்குள் ஊர் முழுதும் அச்செய்தி பரவிவிட்டது. கோயிற் சுவருக்கருகே பலகை ஒன்று எழுதி வைக்கவேண்டும் என்று சிலர் பணமும் திரட்டத் தொடங்கினர்.

அவ்வேளையில் பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். செய்தியைக் கேட்டுச் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. "தம்பி, பாட்டு முழுவதையும் படித்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

"இரண்டு சொல் தெளிவாக இருக்கிறது ஐயா. மற்றவை ஒட்டிக் கிடக்கின்றன."

"இரண்டு சரக்கைப் பார்த்துக் கடைக் கணக்கு முழுவதையும் எழுதிவிடுவாயா?"

அந்தக் கேள்வி கடைக்காரர் நெஞ்சில் தைத்தது. மறுநாளே ஒரு புதிய பேரேட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குச் சென்றார். கல்லைச் சுரண்டாமல், எண்ணெயோ சுண்ணமோ பூசாமல், கைவிளக்கைப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, கண்டதைக் கண்டபடி ஒவ்வோர் எழுத்தாகப் பெயர்த்தெழுதினார். தெரியாத எழுத்துக்கு இடம் விட்டார், ஊகித்து நிரப்பவில்லை. நான்கு மாலைகள் கழிந்தன.

அவையோரே! கல்வெட்டைப் படிப்பதில் உள்ள இடர்ப்பாட்டை இங்குச் சற்று விளக்கவேண்டும். பழங்கல்லில் புள்ளி இடுவது அரிது. 'க' என்று பொறித்திருப்பது 'க'வாகவும் இருக்கலாம், 'க்' ஆகவும் இருக்கலாம். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் தெரியாது. காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே வடிவம். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. பாட்டே ஆயினும் அடி மடக்கி எழுதமாட்டார்கள். கல்லில் இடமுள்ள அளவும் ஓடி, அடுத்த வரிக்குத் தாவும். ஆகவே கடைக்காரர் கொண்டுவந்தது பாட்டன்று, எழுத்துக் குவியல்.

அக்குவியலைப் பாட்டாக்கியது தமிழ் யாப்பு. ஆசிரியர் அதனைக் கற்றுக்கொடுத்தார். "முதற் சொல்லின் இரண்டாம் எழுத்தைப் பார். அதே எழுத்து மீண்டும் எங்கெங்கே சொல்லின் இரண்டாம் இடத்தில் வருகிறது என்று தேடு" என்றார். இரண்டாம் எழுத்து 'றி'. குவியலில் அவ்வாறு நான்கு இடங்கள் அகப்பட்டன. அந்த நான்கும் நான்கு அடிகளின் தலைகள். எதுகை, பாட்டின் அடிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டது! ஈற்றில் ஏகாரம் நின்றது. அடிக்கு ஐந்து சீர். "இது கட்டளைக் கலித்துறை" என்றார் ஆசிரியர்.

கட்டளைக் கலித்துறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மெய்யெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் பாட்டில் அடிக்குப் பதினாறு எழுத்தும், நிரையசையில் தொடங்கும் பாட்டில் அடிக்குப் பதினேழு எழுத்தும் இருத்தல் வேண்டும். இப்பாட்டு நிரையசையில் தொடங்குவது. ஆகவே அடிதோறும் 17 எழுத்து. கடைக்காரருக்கு எண்ணிக்கை என்றால் சொல்லவா வேண்டும்! ஆசிரியர் புள்ளியிட்டுக் கொடுக்கக் கொடுக்க, அவர் விரல்விட்டு எண்ணினார். மூன்றாம் அடியில் 16 எழுத்தே இருந்தது. அவ்வடியில் அவர் இடம் விட்டிருந்த பகுதி ஒன்றுதான். அதற்கு முன் 'பட்', பின் 'னப்பாலை'. குறைவது உயிர் ஏறிய ஓர் எழுத்து. அந்த இடத்தில் 'டி'யை வைத்தார் ஆசிரியர். 'பட்டினப்பாலை' எழுந்து நின்றது!

ஊகம்தானே என்று கேட்கலாம். அதனால்தான் இருவரும் அன்று மாலையே விளக்குடன் சென்று அந்த இடத்தை மீண்டும் பார்த்தனர். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தபின், 'டி'யின் மேல்வளைவு மெல்லிய கீற்றாய்த் தென்பட்டது. யாப்பு வழிகாட்டியது, கல் ஒப்புக்கொண்டது. பின்னர் நூலகத்தில் தேடியபோது, கல்வெட்டுத் துறையினர் முன்பே படியெடுத்து அச்சேற்றிய படிவமும் கிடைத்தது. அதுவும் அவ்வாறே இருந்தது.

இப்போது கண்ணன் யார்? ஆயர்பாடிக் கண்ணன் அல்லன். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார். பத்துப்பாட்டுள் 301 அடிகளால் அமைந்த அந்நூலின் தலைவன் திருமாவளவனாகிய கரிகாலன். மாறன் யார்? ஆழ்வார் அல்லர், பாண்டிய மன்னன். ஏனெனில் அடுத்த அடியில் 'செம்பியன்' என்று சோழன் நிற்கிறான். பாட்டின் பொருள் இதுதான்: வெற்றி பெற்ற மாறன் சினங்கொண்டபோது, செம்பியனின் காவிரி நாட்டு மாடங்களில் பறிக்கப்படாத தூண் இல்லை, கண்ணன் செய்த பட்டினப்பாலைக்காக அன்று முறைப்படி விடப்பட்ட பதினாறு தூண்கள் மட்டுமே அங்கு நின்றன.

அந்த மாறன், 1216-இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். மூன்றாம் குலோத்துங்க சோழனை வென்று தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டியவன். மாடங்களையும் மண்டபங்களையும் இடித்ததை அவனது மெய்க்கீர்த்தியே பெருமையாகக் கூறுகிறது. பின்னர் சோழனுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்தமையால் 'சோணாடு வழங்கியருளிய' என்னும் அடைமொழியும் பெற்றான். இடித்த செய்திக்கு இவ்வாறு தனிச்சான்று உண்டு. இடிக்காமல் விட்ட செய்திக்கு இந்தப் பாட்டே சான்று.

ஊர் இதைக் கேட்டபோது, நம்மாழ்வார் பாட்டைக் காட்டிலும் பெரிய மகிழ்ச்சி கொண்டது. "கரிகாலன் கட்டிய பதினாறுகால் மண்டபம் பூம்புகாரில் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை நின்றது என்பது மெய்ப்பிக்கப்பட்டது" என்று பலகையில் எழுதச் சொன்னார்கள். தமிழ் உணர்வு மிக்க இளைஞர்களே முன்நின்று கேட்டார்கள். பணமும் ஆயத்தமாக இருந்தது.

கடைக்காரர் தம் பேரேட்டைத் திறந்தார். அதில் மூன்று பத்திகள் வரைந்திருந்தார். முதற்பத்தி, கல்லே கொடுத்தது. இரண்டாம் பத்தி, நூலிலிருந்து கடன் வாங்கியது. மூன்றாம் பத்தி, நாமே சேர்த்துக்கொண்டது.

"கல்லில் கரிகாலன் பெயர் இல்லை. பட்டினப்பாலையின் தலைவன் அவன் என்பதால் நூலிலிருந்து கொண்டுவந்து வைக்கிறோம். அந்தக் கடன் செல்லும். கல்லில் பூம்புகார் இல்லை. காவிரி நாடு என்றுதான் உள்ளது. பூம்புகார் என்பது நாம் சேர்த்த சரக்கு. மண்டபம் என்ற சொல்லும் இல்லை. பதினாறு தூண் என்றே உள்ளது. தூண்கள் இருந்தால் மேலே கூரை இருந்திருக்கும் என்பது நம் துணிபு" என்று ஒவ்வொன்றாய்ப் படித்தார்.

ஓர் இளைஞர் எழுந்தார். "அண்ணாச்சி, கரிகாலன் பரிசு கொடுத்ததையே மறுக்கிறீர்களா?" என்றார்.

"மறுக்கவில்லை தம்பி. ஆனால் பட்டினப்பாலைக்குள் பரிசுச் செய்தி இல்லை. பதினாறு நூறாயிரம் பொன் கொடுத்ததாகக் கலிங்கத்துப்பரணி கூறுகிறது. அது இந்தப் பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது. பரணி பொன் என்கிறது. கல் தூண் என்கிறது. இரண்டிலும் பதினாறு என்னும் எண் இருக்கிறது. இரண்டும் கரிகாலனுக்கு ஓராயிரம் ஆண்டு அளவுக்குப் பிந்தியவை. ஆகவே கரிகாலன் என்ன கொடுத்தான் என்பதற்கு இவை நேர்ச்சான்று ஆகமாட்டா. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு இவை உறுதியான சான்று."

"அப்படியானால் இந்தப் பாட்டுக்கு மதிப்பு என்ன?" என்று இளைஞர் சற்றுச் சினத்தோடு கேட்டார்.

கடைக்காரர் பேரேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "பகைவனின் நகரங்களைக் கொளுத்தியவன் ஒருவன். அவன் புகழைப் பாட வந்த புலவன், அவன் இடித்ததை மட்டும் பாடியிருக்கலாம். ஒரு நூலுக்குக் கிடைத்த பரிசென்று கருதப்பட்ட தூண்களை அவன் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பாடினான். அதைச் சொன்னால் தன் மன்னனுக்குப் பெருமை என்று அவன் எண்ணினான். அக்காலத்தில் பட்டினப்பாலையின் பெயர் அறியப்பட்டிருந்தது. அதற்கு மதிப்பும் இருந்தது. இது முதற்பத்தியில் உள்ள வரவு. இதற்குமேல் நாம் ஏன் கள்ளக் கணக்கு எழுதவேண்டும்?"

அவை அமைதியாயிற்று. ஆசிரியர் மட்டும் மெல்லத் தலையசைத்தார்.

பலகை எழுதப்பட்டது. அதில் பாட்டின் பொருளும், மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலமும், பட்டினப்பாலையின் ஆசிரியர் பெயரும் மட்டும் இடம்பெற்றன. எஞ்சிய பணத்தில் உ. வே. சாமிநாதையர் 1889-இல் முதன்முதல் அச்சிட்ட பத்துப்பாட்டின் பிற்பதிப்பு ஒன்றை வாங்கி ஊர் நூலகத்தில் வைத்தார்கள். கடைக்காரர் மேலும் ஒன்று செய்தார். ஒரு கிழமையாக யார் யாரிடம் ஆழ்வார் பாட்டு என்று கூறினாரோ, அவர்கள் கடைக்கு வரும்போதெல்லாம், "நான் முன்பு சொன்னது தவறு" என்று தொடங்கி, மெய்ச்செய்தியைக் கூறிய பின்னரே சரக்கை நிறுத்தார்.

அவையோரே! உங்கள் ஊர்க் கோயிற் சுவரிலும் எழுத்துகள் இருக்கலாம். திருப்பணியின்போது அவற்றின்மேல் சுண்ணாம்பு ஏறுமுன், ஒரு மாலை வேளையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். காணாததற்கு இடம் விடுங்கள்.