பேசியதும் எழுதியதும்

(ஒரகடத்தில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட சங்கதி சிறியதாகத் தோன்றும். வாயால் பேசியதை எப்படிச் சுருக்கி எழுதுவது என்பதுதான் அது. இதில் என்ன இருக்கிறது, நாலு எழுத்துத் தெரிந்தவன் எழுதிவிட்டுப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நாலு எழுத்துத் தெரிந்தவன் கையில்தான் தெரியாதவனுடைய நியாயம் இத்தனை காலமாக அகப்பட்டுக் கொண்டிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

உலகத்தில் பல பாஷைகளுக்குப் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று இருந்தாலும், தமிழில் அந்த இடைவெளி மிகவும் பெரிது. இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத்திலோ அது ஒன்றுக்குப் பத்தாக இருக்கிறது. ஒரே லைனில் மதுரைக்காரர் ஒருவர், நெல்லைக்காரர் ஒருவர், தர்மபுரிக்காரர் ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர் நிற்கிறார்கள். நால்வரும் தமிழர்தான்; ஆனால் ஒருவர் வினைச்சொல்லை முடிக்கிற மாதிரி மற்றவர் முடிப்பதில்லை. 2024-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதைப் போன்ற கூட்டங்களில் எத்தனை ஊர்ப் பேச்சு கலந்து கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது. பேசியதை அப்படியே பதிந்து கொள்ளலாம். ஆனால் லேபர் ஆபீசுக்கு மனு போகவேண்டுமானால் அது எழுத்தாகத்தான் போகவேண்டும்.

ஒரு உதாரணம் சொல்லுகிறேன். யாரையும் குறிப்பிட்டு அல்ல. இந்தப் பக்கத்தில் நடக்கிற மாதிரியான ஒன்றை விளங்குவதற்காக அமைத்துக் கொண்டேன். பிரஸ்ஸில் கை மாட்டிய ஒரு விபத்தைப் பற்றி ஒரு மதுரைத் தோழர் பேசுகிறார்:

“இல்லண்ணே, நான் என்ன சொல்றேன்னா, அன்னைக்கு நைட் ஷிப்டு, ரெண்டு மணி இருக்கும்ணே, மூணாம் நம்பர் பிரஸ்ல அந்தத் தம்பி நிக்கிறாப்ல, சேந்து ஒரு மாசந்தேன் ஆச்சு, ஒரு மாசந்தேன், சென்சாரு வந்து நாலு நாளாவே வேலை செய்யலண்ணே, நானும் சொன்னேன் சொன்னேன் சொல்லிக்கிட்டே இருந்தேன், சூப்பர்வைசரு இன்னைக்கு ஓட்டிருங்க நாளைக்குப் பாத்துக்கலாம்னாப்ல, அம்புட்டுத்தேன், அந்நேரம் பாத்துக் கை மாட்டிருச்சு, நான் பாக்கலண்ணே, நான் பக்கத்து லைன்ல நிக்கிறேன், சத்தங் கேட்டுத்தேன் ஓடியாறேன், தம்பிதேன் பட்டனைத் தொட்டுருச்சாம், அப்படிங்குறாங்க, சாமி புண்ணியம் ரெண்டு விரலோட போச்சு, எங்க பத்துப் பேருக்கும் யாருமே சொல்லிக் குடுக்கலண்ணே.”

இது 67 சொல். இதை “நல்ல தமிழில்” சுருக்குகிறேன் என்று ஒரு படித்த கனவான் உட்காருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் எழுதுவது இப்படி இருக்கும்:

“புதிய தொழிலாளி தானே பொத்தானைத் தொட்டதால் இரு விரல்கள் சேதமுற்றன. உணர்கருவி பழுதுபட்டிருந்தது. மேற்பார்வையாளர் சொன்னது போல் மறுநாள் சரிசெய்யப்பட இருந்தது. பயிற்சி போதவில்லை.”

பதினெட்டே சொல். பிழையில்லாத தமிழ். ஆனால் தோழர்களே, பேசியவர் சொன்ன காரியம் இதில் இருக்கிறதா? அடிபட்டவனே குற்றவாளி ஆகிவிட்டான்; ஓட்டச் சொன்னவர் ரிப்பேருக்கு நாள் குறித்த நல்லவர் ஆகிவிட்டார். இந்தக் கனவான் வேண்டுமென்று பொய் எழுதவில்லை. ஆனாலும் மூன்று இடத்தில் கவிழ்ந்து போனார்.

முதலாவது, “ஆம்” என்கிற ஒட்டு. பேசியவர் “தொட்டுருச்சு” என்று சொல்லவில்லை, “தொட்டுருச்சாம்” என்றார். அந்தக் கடைசி “ஆம்” என்பதற்கு, நான் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்று அர்த்தம். அதோடு நில்லாமல், “நான் பாக்கலண்ணே” என்று வாய்விட்டும் சொன்னார். கனவான் இரண்டையும் தள்ளினார். கேள்விப்பட்டது கண்கண்ட சாட்சியமாகி விட்டது. எழுத்துத் தமிழில் “தொட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்” என்று எழுதியிருந்தால் இரண்டே சொல்லில் காரியம் முடிந்திருக்கும்.

இரண்டாவது, “னாப்ல” என்கிற முடிவு. மதுரை, திருச்சிப் பக்கத்தில் “வந்தாப்ல”, “சொன்னாப்ல” என்றால் “வந்தார்”, “சொன்னார்” என்று அர்த்தம். “அவன்” என்று தாழ்த்தாமலும், “அவர்கள்” என்று தூக்காமலும், நடுத்தர மரியாதையில் ஓர் ஆண்பிள்ளையைக் குறிப்பது அது. மற்றப் பக்கத்தாருக்கோ “சொன்னாப்பல” என்றால் “சொன்னது போல”. ஆகவே “பாத்துக்கலாம்னாப்ல” என்ற நேரான உத்தரவு, “சொன்னது போல்” என்று கரைந்து போயிற்று. “இன்னைக்கு ஓட்டிருங்க” என்பது அடியோடு காணாமலே போயிற்று. ஒருவர் பிறர் வாய்ச்சொல்லை எடுத்துச் சொல்லும்போது அதை மேற்கோளாகவே வைக்கவேண்டும். சாராம்சம் எடுக்கக் கூடாது.

மூன்றாவது, திரும்பச் சொல்லுதல். பேச்சில் ஒரே சொல் இரண்டு தரம் வந்தால் ஒன்றை வெட்டு என்பது பொதுவாகச் சரிதான். “ஒரு மாசந்தேன், ஒரு மாசந்தேன்” என்பதில் ஒன்றை வெட்டலாம், நஷ்டமில்லை. ஆனால் “சொன்னேன் சொன்னேன் சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்பது வாய் தடுமாறியதல்ல. பல தடவை சொன்னேன் என்பதற்குப் பேச்சுத் தமிழின் இலக்கணமே அதுதான். அதைப் “பலமுறை சொன்னேன்” என்று மாற்றவேண்டும். வெட்டக் கூடாது.

இனி, வெட்ட வேண்டியது எது? “அண்ணே”, “வந்து”, “என்ன சொல்றேன்னா”, “அம்புட்டுத்தேன்” ஆகியவை பேச்சுக்கு ஊன்றுகோல், எழுத்துக்கு வேண்டாம். “நிக்கிறாப்ல”, “ஓடியாறேன்” என்று நடந்து போனதை நடப்பது போல் சொல்லுவது பேச்சு வழக்கம். எழுத்தில் “நின்ற”, “ஓடினேன்” என்று இறந்தகாலம் ஆக்கவேண்டும். பிரஸ், சென்சார், லைன், ஷிப்டு என்பவற்றை அப்படியே விடவேண்டும். “உணர்கருவி” என்று எழுதிப் படித்துக் காட்டினால், பேசியவருக்கே அது தன் பேச்சு என்று தெரியாது. இப்படிச் செய்தால் வருவது இது:

“அன்று இரவு ஷிப்டு, ஏறக்குறைய 2 மணி. 3-ஆம் நம்பர் பிரஸ்ஸில் நின்ற தம்பி சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சென்சார் நான்கு நாளாக வேலை செய்யவில்லை. பலமுறை சொன்னேன். ‘இன்று ஓட்டிவிடுங்கள், நாளை பார்த்துக் கொள்ளலாம்’ என்றார் சூப்பர்வைசர். கை மாட்டியதை நான் பார்க்கவில்லை. பக்கத்து லைனிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். தம்பியே பட்டனைத் தொட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். சாமி புண்ணியம், இரண்டு விரலோடு போயிற்று. எங்கள் பத்துப் பேருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.”

இது 53 சொல். ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மனு இன்னும் சிறியதாக வேண்டுமானால் “ஏறக்குறைய 2 மணி” என்பதையோ, “சத்தம் கேட்டு ஓடினேன்” என்பதையோ விடலாம். யார் சொன்னார், கண்டதா கேட்டதா, எத்தனை நாள், எத்தனை முறை என்பதை மட்டும் விடக்கூடாது.

பேச்சில் இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. “பலமுறை சொன்னேன்” என்றாரே, யாரிடம் சொன்னார்? நீங்கள் “சூப்பர்வைசரிடம்” என்று நிரப்பத் துடிப்பீர்கள். பேச்சில் அது இல்லை. ஒருவேளை மெயின்டெனன்ஸ் ஆளிடம் சொல்லியிருக்கலாம். அவரையே கேட்டு எழுதவேண்டும். தேதியும் அப்படித்தான். இரவு 2 மணி என்றால் காலண்டரில் மறுநாள் பிறந்துவிட்டது. தொழிலாளி வாயிலோ அது முந்திய நாள் ஷிப்டு. கேளாமல் தேதி போட்டால், அன்றைக்கு அவர் வேலையிலேயே இல்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் சுலபமாகச் சொல்லிவிடுவார்.

உள்ளூர்ப் பேச்சிலும் இப்படிப்பட்ட குழி உண்டு. இந்தச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் “அவரு பாத்துகிறாரு” என்றால் “பார்த்திருக்கிறார்” என்று அர்த்தம். வெளியூர்க்காரர் காதில் அது “பாத்துக்கிறாரு”, அதாவது “பார்த்துக் கொள்கிறார்” என்று விழும். சென்சார் கெட்டதை அவர் முன்பே பார்த்திருக்கிறார் என்பது ஒன்று. அதை அவர் கவனித்துக் கொள்கிறார் என்பது வேறு. ஒரு “க்” வித்தியாசத்தில் குற்றச்சாட்டு நற்சாட்சிப் பத்திரமாகி விடுகிறது. ஆகையால் எந்த ஊர்ப் பேச்சோ அந்த ஊர்த் தோழர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நிற்க, “சாமி புண்ணியம்” என்பதை நான் ஏன் விட்டு வைத்தேன் என்று நம் இயக்கத் தோழர்களுக்குக் கோபம் வரலாம். அது பேசியவருடைய சொல், என்னுடையதல்ல. சாமிக்குப் புண்ணியம் இருந்தால் அந்த இரண்டு விரலும் ஏன் போயிற்று என்று அவரிடம் நேரில் நான் வாதாடுவேன். ஆனால் அவர் பெயரில் எழுதும் தாளில் என் கொள்கையைத் திணிக்கமாட்டேன். பழைய ஏடுகளில் பார்ப்பனர்களும் புராணிகர்களும் இடைச்செருகல் செய்தார்கள் என்று நாம் மேடைதோறும் சொல்லுகிறோம். நமக்குப் பிடித்ததைச் செருகுவதும், பிடிக்காததை அடிப்பதும் அதே புரட்டுத்தான்.

1925-இல் ‘குடி அரசு’ ஆரம்பித்த காலமுதல் பெரியாரின் பேச்சைக் குறிப்பெடுத்துத்தான் எழுத்தாக்கினார்கள். அவர் பேசியது ஈரோட்டுப் பேச்சு. அச்சில் அது எழுத்துத் தமிழாயிற்று. ஆனால் வாதம் வளையவில்லை, யாரைக் கேட்கிறார் என்பது மறையவில்லை. எழுத்து தெய்வீகமானது, அதைத் தொடக்கூடாது என்றிருந்த நாட்டில், 1935-இல் அந்தப் பத்திரிகை எழுத்தின் உருவத்தையே திருத்திற்று. 1978-இல் சர்க்காரும் அதை ஏற்றுக் கொண்டது. எழுத்து மனிதனுக்காக ஏற்பட்டதே ஒழிய, எழுத்துக்காக மனிதன் ஏற்பட்டவனல்ல.

கடைசியாக, எழுதியது சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். யார் சொன்னது, யார் செய்தது, எப்போது, கண்டதா கேட்டதா என்று நாலு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். பிறகு, பேசியவருக்கு அதை அவருடைய ஊர்ப் பேச்சிலேயே படித்துக் காட்டுங்கள். “சரியா?” என்று மட்டும் கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். “தம்பி தொட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?” என்று வரிவரியாகக் கேளுங்கள். “இல்லண்ணே, சொன்னாங்க” என்று அவர் சொன்னால், தாளிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.