வடிகட்டியில் தங்கிய பெயர்
(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று பி.எஃப். பணம் கைக்கு வந்திருக்கிறது. தாளில் பதினோரு கம்பெனிகளின் பெயர்கள். "சார், கம்ப்யூட்டரே சலிச்சுக் கொடுத்துடுச்சு. பதினொண்ணுலயும் சமமாப் போட்டுடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களிடம் சொல்லப்போகிறேன். நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை, பேங்க்கில் கிளார்க்காக இருந்தவன். அதனால் இன்றைக்கு எதை வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன். முடிந்துபோன ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பங்கு வடிகட்டி என்பதை ஸ்க்ரீனர் என்கிறார்கள். Screener.in என்ற தளத்தைப் பலர் பயன்படுத்துகிறீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் கணக்கு அதில் இருக்கிறது. நாம் நிபந்தனைகளை எழுதினால், அவற்றுக்குப் பொருந்தும் பெயர்களை மட்டும் காட்டும். நண்பர் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

```
Market Capitalization > 500 AND
Price to Earning < 10 AND
Return on capital employed > 20 AND
Dividend yield > 3
```

முதல் வரி மிகச் சிறிய கம்பெனிகளைத் தள்ளிவிடும். இரண்டாவது, பங்கின் விலை அதன் ஒரு வருட லாபத்தைப் போலப் பத்து மடங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது, இதைத்தான் பி.இ. என்கிறோம். மூன்றாவது, தொழிலில் போட்ட நூறு ரூபாய்க்கு வருடம் இருபது ரூபாய்க்கு மேல் சம்பாதிக்க வேண்டும். நான்காவது, விலையில் மூன்று சதவீதத்துக்கு மேல் டிவிடெண்ட் தர வேண்டும். பார்த்தால் குறை சொல்ல முடியாத நிபந்தனைகள்தான்.

இதே நான்கு வரிகளை 2024 ஜூலையில் ஓட்டியிருந்தால், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கம்பெனி அதில் வந்திருக்கும். மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், அதாவது சி.பி.சி.எல். பழையவர்களுக்கு அது மெட்ராஸ் ரிஃபைனரீஸ். 2023-24இல் அதன் நிகர லாபம் சுமார் 2,710 கோடி. மொத்தப் பங்குகள் ஏறக்குறைய 14.9 கோடி. வகுத்தால் ஒரு பங்குக்கு 182 ரூபாய் லாபம். ஜூலையில் பங்கு 1,000 ரூபாயைத் தாண்டி விற்றது. 1,100 என்று வைத்துக்கொண்டால் பி.இ. ஆறுதான். அந்த வருடத்துக்கு 55 ரூபாய் டிவிடெண்ட், அதாவது ஐந்து சதவீதம். வடிகட்டிக்குத் தேவையானது எல்லாம் இருந்தது.

அடுத்த வருடம், 2024-25இல், லாபம் 200 கோடியைத் தொடவில்லை. டிவிடெண்ட் 5 ரூபாய். 2025 மார்ச் தொடக்கத்தில் பங்கு 500 ரூபாய்க்குக் கீழே போனது. கம்பெனியில் ஊழலும் இல்லை, பொய்க் கணக்கும் இல்லை. வடிகட்டி காட்டிய எண்களும் சரிதான். பிறகு எங்கே தவறியது?

நாங்கள் பேங்க்கில் செய்ததை நினைத்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்து, போன வருட லாபத்தை மட்டும் காட்டினால் மேனேஜர் ஃபைலைத் திறக்கவே மாட்டார். "மூணு வருஷ பாலன்ஸ் ஷீட் கொண்டு வாங்க" என்பார். இரும்பு விலை ஏறிய வருடம் எல்லா மில்லும் லாபம்தான் காட்டும் என்று அவருக்குத் தெரியும். மேலே எழுதிய நான்கு வரிகளில் அந்தக் கேள்வியே இல்லை. லாபம் என்று அது எடுத்துக்கொள்வது கடைசி நான்கு காலாண்டுகளை மட்டும்.

சி.பி.சி.எல்.லின் பக்கத்தில் 'Profit & Loss' அட்டவணையை வருடவாரியாகப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். 2019-20இல் சுமார் 2,080 கோடி நஷ்டம். அடுத்த வருடம் 240 கோடி லாபம். அப்புறம் 1,340. அப்புறம் 3,530. அப்புறம் நாம் பார்த்த 2,710. இப்படி ஏறி இறங்குகிற வரிசையில் கடைசி எண்ணை மட்டும் எடுத்து வகுப்பதில் என்ன பொருள்? ஐந்து வருடத்தையும் கூட்டி, நஷ்டத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 1,150 கோடி வரும். ஒரு பங்குக்கு 77 ரூபாய். 1,100 ரூபாய் விலைக்கு பி.இ. ஆறு இல்லை, பதினான்குக்கு மேல். அந்த எண்ணோடு அது நண்பரின் இரண்டாவது வரியைத் தாண்டியிருக்காது. இந்தக் கணக்குக்கு ஒரு பென்சிலும் இரண்டு நிமிடமும் போதும்.

லாபம் ஏன் இப்படி ஆடுகிறது என்பதும் தெரிய வேண்டும். சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயை வாங்கி டீசல், பெட்ரோல் என்று பிரித்து விற்கிறது. வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள இடைவெளிதான் அதன் வருமானம். ஒரு பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்று கணக்கிடுவார்கள், ஜி.ஆர்.எம். என்று பேப்பரில் வரும். அந்த இடைவெளியை மணலியில் யாரும் முடிவு செய்வதில்லை, உலகச் சந்தை முடிவு செய்கிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் டீசல் விலை கச்சா எண்ணெயைவிட வேகமாக ஏறியது, இடைவெளி விரிந்தது. 2020 மார்ச்சில் நேர் எதிர். கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, அதிக விலைக்கு வாங்கி டாங்கில் இருந்த சரக்கின் மதிப்பும் சேர்ந்து சரிந்தது. 2024-25இல் இடைவெளி மறுபடி சுருங்கியது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் இந்தப் பங்கு 60 ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. நஷ்டத்தில் இருந்ததால் நம் வடிகட்டி அதை அப்போது காட்டியே இருக்காது. 2023 நடுவில் 400 ரூபாய்க்கு அருகே இருந்தபோது, பி.இ. இரண்டுக்கும் கீழே காட்டியிருக்கும். அன்று வாங்கியவருக்கு நல்ல லாபம். 2024 ஜூலையிலும் காட்டியது, அன்று வாங்கியவருக்கு நஷ்டம். ஒரே வடிகட்டி, ஒரே கம்பெனி. ஏறி இறங்கும் தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பங்கு மலிவாகத் தெரியும். இரும்பு, சர்க்கரை, கப்பல் எல்லாம் இப்படித்தான்.

இன்னொன்று, வடிகட்டி கொஞ்சம் பின்தங்கியே ஓடும். 2024 ஏப்ரல்-ஜூன் லாபமே முந்தைய வருடத்தின் அதே காலாண்டைவிடக் குறைந்திருந்தது. ஜூலை-செப்டம்பரில் 600 கோடிக்கு மேல் நஷ்டம். ஆனால் அந்த முடிவு அக்டோபரில்தான் வெளியானது. அதுவரை பழைய நல்ல காலாண்டுகளை வைத்தே பி.இ. குறைவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

நண்பரும் நானும் அந்தப் பதினோரு பெயர்களையும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிகர லாப வரிசையைப் பத்து வருடத்துக்குத் தாளில் எழுதினோம். நான்கு கம்பெனிகளின் வரிசை மணலிக் கதை போலவே மலையும் பள்ளமுமாக இருந்தது. இரண்டில் 'Other Income' திடீரென்று உயர்ந்திருந்தது. ஆண்டறிக்கையைத் திறந்தால் ஒன்று நிலம் விற்ற பணம். அது ஒருமுறை வருவது, அடுத்த வருடம் வராது. மற்றதன் குறிப்பு இன்னும் புரியவில்லை, அதனால் ஓரமாக வைத்திருக்கிறோம். மிச்சம் ஐந்து. அவற்றின் ஆண்டறிக்கைகளை அவர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார், முதலாவதே 200 பக்கத்துக்கு மேல். பி.எஃப். பணம் அதுவரை எஃப்.டி.யில் இருக்கிறது.

உங்களிடம் இப்படிப் பட்டியல் இருந்தால், பத்து வருட லாப வரிசையையும் எழுதி எடுத்து வாருங்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன்.