கரியின் மேல் கரி

ஹைதராபாத் போலாரத்தில் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய வேலைக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. ஓவியங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். அந்தக் குறிப்பேட்டில் ஒரு நாள் குறிப்பு, திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் எழுதியது. அந்த மண்டபத்து விதானம் முழுவதும் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் வரைந்தது, படங்களுக்குத் தமிழிலேயே விளக்கமும் உண்டு. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று எனக்கு வாய்த்தது அந்த முகம்தான். குறிப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"காலை ஏழு மணி. சாரத்தில் மல்லாந்து படுத்தாயிற்று. முகம் தெரியவில்லை, கிரீடத்தின் மஞ்சள் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. முதலில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு எங்கே உப்பியிருக்கிறது, வண்ணம் எங்கே செதிலாக எழும்பியிருக்கிறது என்று அந்த வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும். காதோரம் நாலைந்து செதில்கள். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை வைத்துப் பசையிட்டு ஒட்டினேன். அது காயும்வரை அந்தப் பக்கம் போகக் கூடாது."

கோயில் விதானத்துக் கரி என்பது வெறும் தூசி இல்லை. விளக்கு, தீவட்டி, கற்பூரம் எல்லாவற்றின் புகையும் எண்ணெயோடு சேர்ந்து மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. நாளாக ஆக அந்த எண்ணெய் இறுகி ஒரு தோல் மாதிரி ஆகிவிடும். மேலாக இருப்பதை மென்மையான தூரிகையும் ரப்பர் பஞ்சும் எடுத்துவிடும். அடியில் இருக்கும் தோல்தான் சண்டை போடும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. ஓவியர் புருவத்தையும் விழியையும் மீசையையும் எழுதிய கறுப்பு எது? அதுவும் விளக்குக் கரிதான். அழுக்கும் கரி, கோடும் கரி. கரியை எந்தத் திரவமும் கரைக்காது; கரியைப் பிடித்திருக்கிற பசையைத்தான் கரைக்கும். அழுக்கைப் பிடித்திருப்பது எண்ணெய், கோட்டைப் பிடித்திருப்பது மரப்பிசின். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

"கன்னத்து ஓரத்தில் விரல் நகம் அளவு இடத்தில் சோதனை. தண்ணீர் தொட்ட பஞ்சு: கறுப்பு வந்தது, ஆனால் ஓரத்துக் கோடும் லேசாக இழுத்தது. உடனே நிறுத்தினேன். டர்பன்டைன் மட்டும்: பஞ்சு வெளிர் பழுப்பு, பெரிய பலன் இல்லை. நீர் கலவாத ஆல்கஹாலைக் கொஞ்சம் சேர்த்ததும் பஞ்சு தேன் நிறமாகி, பிறகு கறுத்தது. கோடு அசையவில்லை."

பிசின் தண்ணீரில் கரையும், சுத்தமான ஆல்கஹாலில் கரையாது. அதனால்தான் அந்தக் கலவை. பஞ்சைத் தேய்ப்பதில்லை, உருட்டுகிறோம். ஒரு உருட்டு, ஒரு பஞ்சு. அழுக்கான பஞ்சால் இன்னொரு முறை தொட்டால் எடுத்த கரியையே பள்ளத்தில் திணித்தவர்களாவோம். விதானம் என்பதால் ஈரம் அதிகமானால் கையில் வழிந்து முழங்கைக்கு வரும்; பஞ்சைப் பிழிந்துதான் மேலே கொண்டுபோக வேண்டும்.

பஞ்சில் சிவப்போ பச்சையோ வந்தால் நிறுத்துவது சுலபம், கறுப்பு வந்தால்தான் திகைப்பு. அப்போது பூதக்கண்ணாடிதான் துணை. தூரிகைக் கோட்டுக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கும், முனை கூராகும். புகை அப்படி எழுதத் தெரியாதது. அது பரவிக் கிடக்கும்.

நம் ஹைதராபாத்துக்கும் ஓவியம் பழுது பார்ப்பதில் ஒரு பழைய கணக்கு உண்டு. அஜந்தா அன்று நிஜாமின் ஆட்சியில் இருந்தது. 1920-இல் நிஜாம் அரசு செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு இத்தாலியர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த சித்திரங்களை அவர்கள் ஒட்டிக் காப்பாற்றினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் பின்னாளில் மஞ்சளடித்துப் பழுப்பாயிற்று. அடியில் இருந்த புகையும் அதோடு பூட்டிக்கொண்டது. அதனால்தான் சுத்தம் செய்து முடித்ததும் பளபளப்புக்காக எதையும் பூசக் கை வராது எனக்கு.

"மாலை நான்கு. இடது கண் முழுதும் வெளியே வந்துவிட்டது. இமைக்குக் கீழே ஒரு மயிரிழைக் கோடு, நான் அழுக்கென்று நினைத்து வைத்திருந்தது. மூக்கின் மேல் புகை இன்னும் கொஞ்சம் நிற்கிறது. அதற்கு மேல் போனால் சிவப்பு வரும் என்று பஞ்சு சொல்கிறது, விட்டுவிட்டேன். கிரீடத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல் அளவு சதுரத்தைத் தொடவே இல்லை. முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. கீழே காவல்காரப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, 'என்ன சார், காலையிலேர்ந்து ஒரு மூஞ்சி கூட முடியலியா?' என்றார். முடியல பெரியவரே என்றேன். 'அந்த மூலைய மட்டும் ஏன் விட்டீங்க? அதையும் தொடச்சிடுங்க' என்றார்.

செலவான பஞ்சுக் குச்சி 212. நாளை வலது கண்."