தமிழில் எழுதி ஆங்கிலத்தில் அனுப்பும்போது

இன்னைக்கு ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்பா காலமாகிவிட்டார். வங்கியில் அவர் போட்டிருந்த வைப்புத்தொகைக்கு அம்மாதான் நாமினி. ஜூன் 3ஆம் தேதி இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்தாச்சு. ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டியது நீங்கள்.

முதலில் தமிழில் இப்படி எழுதுவீர்கள்: "என் தந்தை காலமானதைத் தொடர்ந்து, நாமினியான என் தாயார் ஜூன் 3 அன்று விண்ணப்பம் அளித்திருந்தும் இதுவரை தொகை வழங்கப்படாததால், தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

தமிழில் இது நல்ல வாக்கியம். காரணங்கள் வரிசையாக வரும், வினைமுற்று கடைசியில் நிற்கும், படிப்பவரும் அதற்காகக் காத்திருப்பார். ஆங்கிலம் படிப்பவர் காத்திருக்க மாட்டார். அதனால் வாக்கியத்தை வாலிலிருந்து பிரியுங்கள். கேட்பது என்ன? அதுதான் முதல் வரி: 'ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க் யூ டு செட்டில் மை மதர்ஸ் க்ளெய்ம் ஆன் மை லேட் ஃபாதர்ஸ் ஃபிக்ஸட் டெபாசிட்.' கணக்கு எண் பொருள் வரிக்குப் போகட்டும்.

அடுத்தது, 'ஷி சப்மிட்டட் த க்ளெய்ம் ஆன் 3 ஜூன்.' இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "அளித்திருந்தார்" என்ற தமிழைப் பார்த்து 'ஹேட் சப்மிட்டட்' என்று எழுதிவிடுகிறோம். இன்னொரு பழைய நிகழ்ச்சிக்கு முன்னால் இது நடந்தது என்று காட்டத்தான் அந்த 'ஹேட்'. தேதி மட்டும் சொல்லும்போது அது வேண்டாம். "இதுவரை வரவில்லை" என்பதற்கு இதே கதை தலைகீழாக நடக்கும். அங்கே 'டிட் நாட் ரிசீவ்' பொருந்தாது, 'ஹேஸ் நாட் ரிசீவ்ட்' வேண்டும்.

அப்பா 'எக்ஸ்பயர்ட்' என்றும் எழுதாதீர்கள். மருந்துக்கும் ஏடிஎம் கார்டுக்கும் ஆகும் சொல் அது. 'டைட்' என்பதே மரியாதையான சொல்தான்.

இனி "ஆவன செய்யுமாறு". 'டூ த நீட்ஃபுல்' என்று போட்டால் நம் ஊர் அலுவலகங்களில் புரியும். ஆனால் எது 'நீட்ஃபுல்' என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறீர்களே! இப்படிக் கேளுங்கள்: 'ப்ளீஸ் பே த அமவுண்ட் இன்டு ஹெர் சேவிங்ஸ் அக்கவுண்ட், ஆர் டெல் அஸ் இன் ரைட்டிங் விச் டாக்குமெண்ட் இஸ் மிஸ்ஸிங்.' இறந்தவர் கணக்கில் நாமினி உரிய சான்றுகளோடு கேட்டால், 15 நாளில் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணிவு போய்விடுமோ என்று கவலை வேண்டாம். அந்த ஒரு 'ப்ளீஸ்' போதும். 'யுவர் குட்செல்ஃப்' தேவையில்லை.

அனுப்பும் முன், விஷயம் தெரியாத ஒருவரிடம் முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டி, "நாங்க என்ன கேட்கிறோம்?" என்று கேளுங்கள். அவர் முழித்தால், உங்கள் கோரிக்கை இன்னும் கடைசி வரியிலேயே இருக்கிறது.