பணம் போச்சா, போகலையா: "இன்னும் தெரியாது" என்கிற மூணாவது பதில்

போன எபிசோடுல கேட்வே கணக்கு திறந்து, டெஸ்ட் மோடுல ஒரு பேமென்ட் எடுக்கிற வரைக்கும் பார்த்தோம். டெஸ்ட் மோடுல வாழ்க்கை ரொம்ப சுலபம். ஒண்ணு சக்சஸ், இல்லன்னா ஃபெயில். லைவ்ல போனதும் மூணாவதா ஒரு பதில் வரும்: "இன்னும் தெரியாது." இன்னைக்கு முழுக்க அதைப் பத்திதான்.

ஓசூர் சிப்காட் பக்கத்துல ஒரு மெஸ். மதியம் 70 ரூபாய் சாப்பாட்டு டோக்கனை போன்லயே எடுக்கிற மாதிரி யாரோ ஒரு வெப் ஆப் செஞ்சு கொடுத்திருக்காங்க. ரெண்டு மணி ஷிஃப்டுக்கு உள்ள போறவங்க ஒன்றரை மணியில இருந்து வந்து குவிவாங்க. மெஸ்காரர் என்கிட்ட சொன்ன புகார் இதுதான்: "தம்பி, பணம் போயிடுச்சு, டோக்கன் வரலைன்னு தினம் நாலு பேர் சண்டைக்கு வர்றாங்க. அஞ்சு நாள்ல தானா திரும்பிடும்னு சொல்லி அனுப்புறேன். யாருக்கும் திரும்பினதா தெரியல."

லாக் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஆர்டரை மட்டும் சொல்றேன், எண் 4127. மதியம் 1:38க்கு ஒருத்தர் யூபிஐல பணம் கட்ட பின் நம்பர் போட்டிருக்கார். 30 விநாடி வரைக்கும் பதில் வரல. ஆப் உடனே `Payment failed`னு காட்டி, டேட்டாபேஸ்லயும் `failed`னு எழுதிடுச்சு. அவர் பசியில மறுபடி அழுத்தி, புது ஆர்டர்ல இன்னொரு 70 ரூபாய் கட்டி டோக்கன் வாங்கிட்டார். 1:40க்கு கேட்வேல இருந்து வெப்ஹூக் வருது: 4127க்கு பணம் வந்துடுச்சு. சர்வர் கோடு என்ன பண்ணுச்சுன்னா, ஆர்டர் ஏற்கனவே `failed`னு இருக்கு, அதனால ஒண்ணும் செய்யாம 200னு பதில் அனுப்பிடுச்சு. 200 கிடைச்சதும் கேட்வே தன் வேலை முடிஞ்சதுன்னு விட்டுடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த 70 ரூபாய் எங்கேயும் தொங்கல. மெஸ்காரரோட கணக்குலயே செட்டில் ஆகியிருக்கு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ல ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. கடைக்கு யூபிஐல கட்டின பணம் கணக்குல இருந்து கழிஞ்சும் கடைக்கு உறுதி வராம போனா, பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும். தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. மெஸ்காரர் சொல்ற "அஞ்சு நாள்" இங்கிருந்து வந்ததுதான். ஆனா இந்தக் கேஸ்ல உறுதி வந்துடுச்சு. வங்கியைப் பொறுத்தவரை இது வெற்றிகரமான பரிவர்த்தனை. அதனால அது தானா திரும்பவே திரும்பாது. திருப்பிக் கொடுக்க வேண்டியவர் மெஸ்காரர், அதுக்கு வழி செய்ய வேண்டியது அந்த ஆப்.

ஏன் பதில் லேட்டாகுதுன்னா, யூபிஐல ஒரு பணம் நாலு வாசல் தாண்டணும். போன்ல இருக்கிற ஆப், நடுவுல என்பிசிஐ, பணம் கட்டுறவர் வங்கி, கடைக்காரர் பக்கத்து வங்கி. கட்டுறவர் வங்கி பணத்தைக் கழிச்சிருக்கும், அந்தச் செய்தி திரும்பி வர்ற வழியில எங்கேயாவது நிக்கும். நம்ம டைமர் முடிஞ்சதுக்கு அர்த்தம் "நமக்குத் தெரியல" மட்டும்தான். "நடக்கல"ன்னு அர்த்தம் இல்ல. கேட்வே `failed`னு சொன்ன பேமென்ட்கூட சில நேரம் பிறகு `authorized` ஆகும். ரேசர்பே ஆவணத்துல இதுக்கு லேட் ஆதரைசேஷன்னே பேர் வச்சிருக்காங்க.

அப்போ டைமர் முடிஞ்சா ஆர்டர் `pending`லயே இருக்கணும். வெப்ஹூக் வந்ததும் முதல்ல கையெழுத்தை, அதாவது சிக்னேச்சரை, சரிபாருங்க. தொகையும் சரிபாருங்க, பெரும்பாலும் பைசாவுல வரும், 70 ரூபாய்னா 7000. அப்புறம் இது:

```sql
UPDATE orders
SET status = 'paid', payment_id = :pid
WHERE id = 4127 AND status = 'pending';
```

எத்தனை வரிசை மாறுச்சுன்னு பாருங்க. 1 வந்தா டோக்கன் கொடுங்க. 0 வந்தா அங்கேயே 200 அனுப்பிட்டு ஓடிடக்கூடாது, காரணம் பார்க்கணும். அதே `payment_id`யோட ஏற்கனவே `paid`னு இருந்தா, அதே வெப்ஹூக் ரெண்டாவது தடவை வந்திருக்கு. இது சகஜம், விட்டுடலாம். வேற `payment_id`யா இருந்தா ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவை கட்டியிருக்காங்க, ரெண்டாவதை ரீஃபண்ட் பண்ணணும். ஆர்டர் `expired`னோ `failed`னோ இருந்தாலும் ரீஃபண்ட்தான். மதிய டோக்கனுக்கு மூணு மணிக்கு மேல மதிப்பில்ல, அதனால மூணு மணிக்கு `expired` ஆக்கிடலாம். 4127ல இந்த ஒரு கிளை இருந்திருந்தா அவருக்கு 70 ரூபாய் அன்னைக்கே ரீஃபண்டுக்குப் போயிருக்கும்.

சரி, வெப்ஹூக்கே வரலன்னா? நாமதான் கேட்வேகிட்ட நிலவரம் கேட்கணும். இங்கதான் நிறைய பேர் ரெண்டு விநாடிக்கு ஒரு தடவை கேட்கிற லூப் எழுதுறாங்க. 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, நாடு முழுக்க யூபிஐ பல மணி நேரம் தடுமாறுச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்குக் காரணமா என்பிசிஐ சொன்னது இந்த விசாரிப்புகளைத்தான். சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து "இது என்னாச்சு, என்னாச்சு"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டதுல சிஸ்டமே திணறிடுச்சு. அந்த மாசக் கடைசியில என்பிசிஐ வங்கிகளுக்கு ஒரு வரம்பு வச்சது: முதல் விசாரிப்பு 90 விநாடி கழிச்சுத்தான், ரெண்டு மணி நேரத்துக்குள்ள அதிகபட்சம் மூணு தடவை. அந்த விதி நமக்கில்ல, வங்கிகளுக்கு. ஆனா நம்ம பக்கம் வச்சுக்க அது நல்ல அளவுகோல். நான் 90 விநாடி, 5 நிமிஷம், 30 நிமிஷம்னு மூணு தடவை கேட்க வச்சேன். அதுக்கு மேலயும் தெரியலன்னா ராத்திரி கணக்கு ஒப்பிடுற வேலைக்குத் தள்ளிடறது. கேட்வே பட்டியலையும் நம்ம ஆர்டர் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லாததை எடுக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

கவுண்டர்ல தகராறு வந்தா ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீங்க, போலி ஆப்லயே அழகா பச்சை டிக் வரும். வாடிக்கையாளர் ஆப்ல இருக்கிற 12 இலக்க யூபிஐ ரெஃபரன்ஸ் எண்ணை வாங்கி கேட்வே டாஷ்போர்டுல தேடுங்க. எந்தப் பேமென்ட்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

திரையில என்ன எழுதுறோம்ங்கிறதும் முக்கியம். `Payment failed`க்குப் பதிலா இப்ப "உறுதி இன்னும் வரல. மறுபடி கட்ட வேண்டாம். கவுண்டர்ல இந்த எண்ணைக் காட்டுங்க: 4127"னு வருது. ஆனா அரை மணி நேர இடைவேளையில வந்தவரை 90 விநாடி, அஞ்சு நிமிஷம்னு நிக்க வைக்க முடியுமா? இதை மெஸ்காரர்தான் முடிவு பண்ணார். ஆர்டர் `pending`ல இருந்தா சாப்பாடு போட்டுடறது, எண்ணை நோட்டுல குறிச்சுக்கறது. அப்படி சாப்பாடு போட்டதை ஆப்லயும் ஒரு பட்டன்ல குறிக்கணும், இல்லன்னா மூணு மணிக்கு மேல வர்ற பணத்தை நம்ம கோடே ரீஃபண்ட் பண்ணிடும். மாசத்துக்கு மொத்தமா கட்டுற பாஸுக்கு மட்டும் உறுதி வந்த பிறகுதான். எனக்கு அது சரியான கணக்காத்தான் படுது. 70 ரூபாய் போனா தாங்கலாம், மாசப் பணம் அப்படி இல்ல.

கார்டு பத்தி ஒரு வார்த்தை. அங்க ஓடிபி போட்டதும் பிரவுசரை மூடிடுவாங்க, நம்ம சக்சஸ் பக்கம் திறக்கவே திறக்காது. அதனால அந்தப் பக்கத்தை வச்சு டோக்கன் கொடுக்காதீங்க, வெப்ஹூக்தான் ஆதாரம். இன்னொண்ணு, `authorized`ன்னா பணம் ஒதுக்கி வச்சிருக்குன்னு அர்த்தம், நமக்கு வந்துடுச்சுன்னு இல்ல. `captured` ஆன பிறகுதான் `paid`.

ரீஃபண்டுக்கும் இதே கதைதான். நாம ரீஃபண்ட் கேட்டு அனுப்பின உடனே "திருப்பிட்டோம்"னு எஸ்எம்எஸ் போடாதீங்க, அதுவும் கொஞ்ச நேரம் `pending`ல இருக்கும். `refund.processed` வந்த பிறகு, அந்த ரெஃபரன்ஸ் எண்ணோட அனுப்புங்க. மெஸ்காரர் இப்ப பழைய மூணு மாச லாக்கை எடுத்து வச்சு, 4127 மாதிரி மாட்டின ஒவ்வொரு ஆர்டரையும் தேடித் திருப்பிக் கொடுத்துட்டு இருக்கார். அடுத்த எபிசோடுல செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.