வெளியே தெரியும் தையல்

ஆயத்த ஆடையின் தரத்தை அறிய அதை உள்புறமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழி. அது தவறான வழி அன்று. ஆயினும் ஆடையைத் திருப்பாமலே, அதன் வெளிமுகத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் உள்ளே நடந்த வேலையின் பெரும்பகுதி விளங்கிவிடும். இரண்டு துணிகள் சேரும் மூட்டு, கீழ்விளிம்பை மடித்துத் தைத்த ஓரமடிப்பு, தட்டையான துணியை உடலின் வளைவுக்கேற்பக் குவிக்கும் டாட் என்பவையே அம்மூன்றும். கைலியின் இரு முனைகளைச் சேர்ப்பதை 'மூட்டுதல்' என்று வழங்கும் தமிழில், எந்த இரு துணிகள் சேரும் இடத்தையும் மூட்டு என்பது பொருத்தமானதே.

இவற்றுள் மிகுதியான செய்தியைச் சொல்வது, ஆண்கள் அணியும் பருத்திச் சட்டையின் பக்கவாட்டு மூட்டு. அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை ஓடும் அந்தக் கோட்டின் அருகே, வெளிப்புறத்தில் எத்தனை தையல் வரிசைகள் தெரிகின்றன என்று முதலில் எண்ண வேண்டும். வரிசை எதுவுமே தெரியாமல் துணிகள் சேர்ந்த கோடு மட்டும் இருந்தால், பெரும்பாலும் அவற்றை ஒரு முறை அடித்து, உள்ளே பிசிறும் விளிம்பின்மேல் ஓவர்லாக் இயந்திரத்தால் நூல் சுற்றியிருக்கிறார்கள் என்பது பொருள். இது விரைவாகவும் மலிவாகவும் முடியும் முறை. அதனாலேயே மோசமானது என்று சொல்லிவிட முடியாது. ஒரே சீரான இரண்டு வரிசைகள் தெரிந்தால், இரண்டு ஊசிகள் கொண்ட இயந்திரத்தில் துணிவிளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து நுழைய, முழு மூட்டும் ஒரே ஓட்டத்தில் தைக்கப்பட்டிருக்கிறது. ஒற்றை வரிசை மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் இரண்டு ஓட்டங்களில் செய்த வேலையாக இருக்கும். ஒரு துண்டின் விளிம்பை மற்றதைவிடச் சற்று நீட்டிவைத்து முதலில் சேர்த்து அடித்து, நீண்ட விளிம்பால் குட்டை விளிம்பை மூடி மடித்து, மறுபடியும் அடிப்பது அந்த முறை. முதல் தையல் மூட்டுக்கோட்டிலேயே மறைந்துவிடுவதால் வெளியே ஒன்றும் உள்ளே இரண்டும் தெரியும். பிசிறும் விளிம்பு எந்தப் பக்கமும் தலைகாட்டாது.

ஆனால் இந்த ஒற்றை வரிசையும் ஏமாற்றக் கூடும். ஓவர்லாக் செய்த விளிம்பை ஒருபக்கமாகச் சாய்த்து மேலே ஒரு வரிசை அடித்துவிட்டால், வெளிப்பார்வைக்கு அதுவும் அப்படியே இருக்கும். மூட்டை இரு விரல்களுக்கிடையே பிடித்துத் தேய்த்தால் வேறுபாடு தெரியும்: மடித்து மூடிய மூட்டு ஒட்டிய நாடாபோல் ஒரே தடிப்பாக அகப்படும்; போலி மூட்டிலோ வரிசைக்கு அப்பால் தளர்ந்த விளிம்பொன்று விரலில் நெருடும்.

வரிசைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது, மூட்டு நேராகப் படுத்திருக்கிறதா என்பது. இரட்டை ஊசி மூட்டு இழுவையைத் தாங்குவதில் குறைந்ததன்று. அது பெரும்பாலும் நூல் வளையங்கள் ஒன்றையொன்று கோத்துச் செல்லும் சங்கிலித் தையல் என்பதால், இழுத்தால் சற்று நெகிழ்ந்தும் கொடுக்கும். அதன் குறை வேறு. பல அடுக்குத் துணியை ஒரே ஓட்டத்தில் செலுத்தும்போது மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே வேகத்தில் நகராவிட்டால், மூட்டு நெடுகச் சிற்றலைபோல் சுருங்கும். கடையில் அழுத்தித் தேய்த்து வைத்திருக்கும்போது மறைந்திருக்கும் இச்சுருக்கம், முதல் சலவைக்குப் பின் வெளிப்படும். அதன் காரணத்தையும் பார்வையாலேயே ஓரளவு பிரித்தறியலாம். மூட்டின் ஒரு பக்கத் துணி மட்டும் அலையாக எழும்பி, மறுபக்கம் இழுபட்டு நின்றால், அடுக்குகள் சமமாக நகராதது காரணம். இரு பக்கமும் ஒரே அளவு சுருங்கியிருந்தால் நூலை இறுக்கித் தைத்தது காரணமாக இருக்கலாம். தையற்கூடங்களில் சந்தேகம் வந்தால் சுருங்கிய இடத்தில் தையல்நூலைச் சில இடங்களில் வெட்டிப் பார்ப்பதுண்டு. துணி உடனே படிந்துவிட்டால் குற்றம் நூலின் இறுக்கத்தில் என்பது உறுதியாகும்.

ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல்கள் என்று எண்ணுவதும் பயனுள்ளதே. மலிவான சட்டையில் 8, 10 என்றிருப்பது, பொறுமையாகத் தைத்த மெல்லிய சட்டையில் 16, 18 வரை செல்லும். தையல் நெருங்கினால் அதே நீளத்துக்கு ஊசி அதிக முறை இறங்க வேண்டும், ஆகவே நேரம் கூடும். இருந்தாலும் நெருக்கம் கூடக்கூடத் தரமும் கூடும் என்று கருத முடியாது. அடர்ந்து நெய்த துணியில் நூல் புகுந்து நெசவு இழைகளை விலக்குவதால், அளவு மீறிய நெருக்கமே சுருக்கத்துக்குக் காரணமாகிவிடும்.

பின்னலாடைகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. துவைத்தபின் டீசட்டையின் பக்க மூட்டு வயிற்றை நோக்கித் திரும்பிவிட்டால் தைத்தவரைக் குறை கூறுவது வழக்கம்; பெரும்பாலும் அது, நூலின் முறுக்கு தளர முயன்று துணியையே திருகிவிடுவதால் வருவது. அங்கே குறை தையலில் இல்லை, துணியில் இருக்கிறது.

ஓரமடிப்பில் கவனிக்க வேண்டியது வளைவு. சட்டையின் கீழ்விளிம்பு பக்கங்களில் மேலே ஏறி, முன்னும் பின்னும் கீழே இறங்கும். இறங்கிய பகுதியில் விளிம்பின் நீளம், அது மடிந்து போய்ச் சேரும் உட்கோட்டின் நீளத்தைவிட அதிகம். ஆகவே அகலமாக மடித்தால் மிஞ்சும் துணி சாய்ந்த கொசுவங்களாக முறுக்கிக்கொள்ளும். கயிறு திரித்தாற்போன்ற அந்தச் சாய்கோடுகள் வெளியே தெரிந்தால், அவசரத்தில் மடித்தது என்று கொள்ளலாம். கால் அங்குலத்துக்கு மிகாமல் மடித்து வளைவில் நிதானமாகச் செலுத்தினால் அவை எழா. நேரான விளிம்பில் இந்தத் தொல்லை இல்லை என்பதால் ஓரங்குலம்கூட மடிக்கலாம். வளரும் சிறுமியின் பாவாடையில் பின்னர் பிரித்து இறக்குவதற்கென்றே தாராளமாக மடித்து வைத்த அந்தக் காலக் கணக்கு, தையலைவிடக் குடும்பப் பொருளாதாரத்தைச் சேர்ந்தது.

டாட்டைப் பார்க்கச் சேலை ரவிக்கையைவிட நல்ல இடம் இல்லை. துணியை முக்கோணமாக மடித்து, அகன்ற பக்கத்திலிருந்து கூர்முனை நோக்கித் தைப்பது டாட். அதன் நோக்கம் வெளியே ஒரு கோடு மட்டும் தெரிந்து, அக்கோடு முடியும் இடம் தெரியாமல் துணி உருண்டு திரும்புவது. முனையில் குழியோ, சிறு கூம்போ எழுந்து நின்றால், தையல் கடைசிவரை சரிவாகவே வந்து மடிப்பில் திடீரென முடிந்திருக்கிறது. தேர்ந்த தையற்காரர் கடைசி அரை அங்குலத்தை மடிப்பை ஒட்டி ஏறத்தாழ அதற்கு இணையாகவே ஓட்டி, துணியின் ஓரிரண்டு இழைகளைப் பிடித்தபடி வெளியேறுவார். முனையில் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பூட்டினால் அங்கே முடிச்சுப் போல் தடிக்கும் என்பதால், நூலின் இரு நுனிகளையும் கையால் முடிவார். டாட் மார்பின் உச்சியைத் தொட்டுவிடாமல் சுமார் ஓரங்குலத்துக்கு முன்னரே நிற்க வேண்டும். தொட்டால், நன்றாகத் தைத்த முனைகூடக் கூர்த்து நிற்கும். இங்கே பழி தைத்தவருக்கன்று, அளவெடுத்து வெட்டியவருக்கு உரியது. கோடுபோட்ட துணியானால் சரிபார்ப்பு இன்னும் எளிது: இடது டாட்டில் கோடுகள் எந்த இடத்தில் முட்டி மடங்குகின்றனவோ, வலது டாட்டிலும் அதே இடத்தில் மடங்க வேண்டும். ஒரு விரற்கடை மாறினாலும், இரு முன்பகுதிகளையும் கோடு பொருத்தி வெட்டவில்லை, அல்லது டாட்டின் குறிகளை இரண்டிலும் ஒன்றாக இடவில்லை என்பது அந்த இடத்திலேயே புலப்பட்டுவிடும்.